டாட் காமா, டாட் இன்னா? மைசூர் ஏற்றுமதியாளரின் முகவரிக் கேள்வி

மைசூரில் ஊதுபத்தித் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவற்றுள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் எனக்கு நெடுநாள் பழக்கம். மூங்கில் குச்சியும் மாவும் வாங்கி, நறுமணக் கலவை சேர்த்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி, கனடா, தென் ஆப்பிரிக்கா என்று ஆறு நாடுகளில் அவருக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மலேசியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் வாங்குகிறார்கள். ஜெர்மனியில் யோகா வகுப்பு நடத்துபவர்கள் வாங்குகிறார்கள். கணினித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவருடைய இணையத்தளத்தைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்.

அவர் கேட்ட கேள்வி இது: "அண்ணே, 2016 முதல் டாட் இன் முகவரிதான் வைத்திருக்கிறேன். கனடாவில் உள்ள ஏஜென்ட் டாட் சிஏ எடுத்துத் தருகிறேன் என்கிறார். தளம் வடிவமைத்தவர் டாட் காம் போதும் என்கிறார். எதைப் பிடித்துக்கொள்வது?"

கேட்க எளிய கேள்விதான். ஆனால் பதில் தவறினால் ஆர்டரும் போகும், சில வேளை பணமும் போகும். நம் உறவினர்களில் ஏற்றுமதி செய்பவர் பலர் இருப்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முகவரியின் வால் என்ன சொல்கிறது?

இணைய முகவரியின் கடைசிப் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். டாட் காம் எந்த நாட்டுக்கும் உரியதல்ல. அதன் பதிவேட்டை அமெரிக்காவில் உள்ள வெரிசைன் நிறுவனம் பராமரிக்கிறது. உலகில் யார் வேண்டுமானாலும் எந்தச் சான்றும் காட்டாமல் பெயர் எடுக்கலாம். டாட் இன் இந்தியாவுக்கு உரியது. அதை நிக்சி என்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. 2005-க்கு முன் பெரும்பாலும் co.in போன்ற பிரிவுகளின் கீழேதான் பெயர் தந்தார்கள். அந்த ஆண்டில்தான் நேராக டாட் இன் என்று முடியும் பெயர்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

எந்த வாலாக இருந்தாலும் நாம் பெயரை விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டு வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காம் பெயருக்குப் பதிவேடு வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. கடைக்காரரின் லாபம் அதற்கு மேல். ஆகவே ஒரு பெயரா இரண்டு பெயரா என்பது பணப் பிரச்சினையே இல்லை. எந்தப் பெயரில் உங்கள் கடிதமும் பில்லும் போகிறது என்பதே பிரச்சினை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம்

மைசூரில் 1948-இல் என்.ரங்கராவ் தொடங்கிய நிறுவனத்தின் சைக்கிள் பிராண்டு ஊதுபத்தி எல்லோருக்கும் தெரியும். பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் அந்த நிறுவனம் இணையத்தில் பயன்படுத்தும் முகவரி cycle.in. நாட்டு வாலை வைத்துக்கொண்டும் ஏற்றுமதி நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் இதைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம் என்று எண்ணுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சைக்கிள் என்பது ஆங்கிலத்தில் எல்லோரும் பேசும் சாதாரணச் சொல். அத்தகைய குட்டிச் சொற்கள் டாட் காமில் 1990-களிலேயே பிறர் கைக்குப் போய்விட்டன. நாட்டு வாலில்தான் அப்படிப்பட்ட சுருக்கமான பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டு, அந்த நிறுவனத்தின் முதல் சந்தை இந்தியா. பெட்டியின் மேல் படத்தைப் பார்த்தே வாங்கும் வாடிக்கையாளர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் முகவரியைத் தேடி நிறுவனத்தைக் கண்டுபிடிப்பதில்லை. நிறுவனத்தை அறிந்தபின் முகவரியைத் தட்டுகிறார்கள்.

நம் இளைஞருடைய நிலைமை தலைகீழ். உள்ளூரில் விற்பனை சொற்பம். பிராண்டின் பெயரை யாரும் அறியார். ஹாம்பர்க்கில் இருப்பவர் "மைசூர் இன்சென்ஸ் ஹோல்சேல்" என்று தேடித்தான் இவரை அடைய வேண்டும்.

தேடுபொறி எப்படிப் பார்க்கிறது?

கூகுள் போன்ற தேடுபொறிகள் நாட்டு வாலை ஒரு பலமான அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. டாட் இன் என்றால் இந்த தளம் இந்தியாவில் உள்ளவர்களுக்காக என்று பொருள். அதனால் ஜெர்மனியில் தளம் தெரியாமல் போய்விடாது. உங்கள் பிராண்டின் பெயரையே ஒருவர் தட்டினால் எந்த நாட்டிலும் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். ஆனால் பெயர் தெரியாமல் பொருளைத் தேடும்போது, அந்தந்த நாட்டுக்கென்று அமைந்த தளங்களுக்கு ஒரு படி முன்னுரிமை கிடைக்கும். புது வாடிக்கையாளர் தேடுவது இப்படித்தான்.

முன்பு டாட் காம் வைத்திருப்பவர்கள் கூகுளின் சர்ச் கன்சோலில் போய் "என் தளம் இன்ன நாட்டுக்கு" என்று குறிக்க ஒரு வசதி இருந்தது. 2022 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். டாட் இன் போன்ற நாட்டு வாலுக்கு அந்த வசதி முன்பும் இருந்ததில்லை. டாட் இன் தளத்தை மலேசியாவுக்கு என்று திருப்பிக் காட்ட வழியே கிடையாது.

எல்லா நாட்டு வாலும் இப்படி அல்ல. டாட் ஐஓ, டாட் டிவி, டாட் மீ போன்றவற்றை உலகம் முழுவதும் பொதுவாகப் பயன்படுத்துவதால், கூகுள் அவற்றைப் பொது வாலாகவே கருதுகிறது. டாட் இன் அந்தப் பட்டியலில் இல்லை.

2025 ஏப்ரலில் கூகுளே தன் நாட்டு முகவரிகளைப் படிப்படியாக google.com-க்குத் திருப்பப் போவதாக அறிவித்தது. அதைப் படித்துவிட்டு "இனி நாட்டு வாலுக்கு மதிப்பில்லை" என்று சிலர் சொல்லக் கேட்டேன். அது தவறான முடிவு. கூகுள் மாற்றியது தன் சொந்தக் கடையின் வாசலை. பிறர் தளங்களின் வாலை அது எப்படி மதிக்கிறது என்பது வேறு சங்கதி.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வால் எடுத்தால்?

கனடா ஏஜென்ட் சொன்ன யோசனை இதுதான். கேட்க நன்றாக இருக்கும். கனடா வாடிக்கையாளருக்கு டாட் சிஏ பார்த்தால் நம்பிக்கை பிறக்கும் என்பதும் உண்மை. ஆனால் டாட் சிஏ பெயரை யாருக்கும் தருவதில்லை. கனடியக் குடிமகன், நிரந்தர வாசி, அங்கு பதிவான நிறுவனம் போன்றோருக்கே தருகிறார்கள். வெளிநாட்டவருக்கு உள்ள ஒரு வழி, தன் வணிகச் சின்னத்தை கனடாவில் பதிவு செய்துகொள்வது. அப்போதும் அந்தச் சின்னத்தைக் கொண்ட பெயரை மட்டுமே எடுக்கலாம்.

மைசூர்க்காரருக்கு கனடாவில் பதிவான சின்னம் இல்லை. ஆகவே ஏஜென்ட் எடுத்துத் தருகிறேன் என்றால் ஏஜென்டின் பெயரில் எடுக்கிறார் என்றே பொருள். மூன்று வருடம் கழித்து விலையில் மனஸ்தாபம் வந்து ஏஜென்டை மாற்றினால் முகவரி அவரிடமே இருக்கும். அந்த முகவரிக்கு வரும் ஆர்டர்களும் அவருக்கே போகும். அவர் வேறொருவர் சரக்கை அதே பெயரில் விற்கவும் கூடும். டாட் சிஏ தகராறுகளுக்குத் தனி நடுவர் முறை உண்டு. ஆனால் அங்கும் முறையிடுபவர் மேற்சொன்ன கனடியத் தகுதி உடையவராக இருக்க வேண்டும். இல்லையேல் கனடாவில் பதிவான சின்னத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும். கதவு இரண்டு பக்கமும் சாத்தியிருக்கும்.

தகுதி இருந்து எடுத்த பெயரும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் இயு வாலை பிரிட்டனில் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 ஜனவரி 1 முதல் அவர்களுடைய பெயர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒன்றிய நாட்டுத் தகுதி எதுவும் காட்ட முடியாதவர்களின் பெயர்கள் பின்னர் 2022 ஜனவரியில் ரத்தாயின. அவர்கள் வாடகை பாக்கி வைக்கவில்லை. வாலின் விதி மாறியது, அவ்வளவுதான்.

ஜெர்மனியின் டாட் டிஇ வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். அங்கே தடை சட்டமல்ல, வேலை. வாலை வைத்துவிட்டு உள்ளே ஆங்கிலத்தில் டாலர் விலை போட்டால் ஜெர்மன்காரர் உடனே திரும்பிவிடுவார். ஜெர்மன் மொழியில் பக்கங்கள், யூரோ விலை, அங்குள்ள கிடங்கு, பொருளைத் திருப்பி அனுப்ப உள்ளூர் விலாசம், இவையெல்லாம் இருந்தால் டாட் டிஇ பொருந்தும். தனித் தனித் தளமானால் ஒவ்வொன்றும் தேடுபொறியிடம் பூஜ்ஜியத்திலிருந்து நற்பெயர் சம்பாதிக்க வேண்டும். ஒரு தளத்துக்குக் கிடைத்த மதிப்பு மற்றதற்குத் தானாகப் போகாது. நாலு பேர் உள்ள அலுவலகத்தில் ஆறு தளங்களை யார் பார்த்துக்கொள்வது?

அவருக்குச் சொன்ன வழி

டாட் காமை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள், டாட் இன்னை விடாதீர்கள் என்றேன். அவருடைய பிராண்டு இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர். ஆகவே அதே பெயர் டாட் காமில் காலியாக இருந்தது. உண்மைப் பெயரை விட்டு, example என்று வைத்துக்கொள்வோம்.

நாடுகளுக்கு வால் வேண்டாம், உள்ளே அறைகள் போதும். example.com/de/ ஜெர்மன் மொழியில், example.com/my/ மலேசிய ரிங்கிட் விலையோடு, example.com/in/ இந்தியருக்கு. எந்தப் பக்கம் யாருக்கு என்று தேடுபொறிக்குச் சொல்ல, பக்கத்தின் தலைப்பகுதியில் இப்படி எழுத வேண்டும்:

```html
<link rel="alternate" hreflang="en-in" href="https://example.com/in/" />
<link rel="alternate" hreflang="en-my" href="https://example.com/my/" />
<link rel="alternate" hreflang="en-gb" href="https://example.com/gb/" />
<link rel="alternate" hreflang="de" href="https://example.com/de/" />
<link rel="alternate" hreflang="x-default" href="https://example.com/" />
```

இந்த ஐந்து வரிகளும் ஐந்து பக்கங்களிலும் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சுட்டி, அது திரும்பச் சுட்டாவிட்டால் தேடுபொறி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனுக்கு en-uk என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. en-gb என்பதே சரி. இந்த வரிகள் தேடலில் உங்களை மேலே தூக்கிவிடாது. வரும் வாடிக்கையாளருக்குச் சரியான அறையைத் திறந்துவிடும், அவ்வளவே.

பிறகு பழைய டாட் இன் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் டாட் காமில் அதற்கு இணையான பக்கத்துக்கு 301 என்னும் நிரந்தரத் திருப்பத்தால் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பழைய பக்கங்கள் சேர்த்த மதிப்பு வீணாகும். சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. ஏற்றுமதியாளருக்கு என் அறிவுரை, தொழில் உள்ளவரை வைத்திருங்கள். ஏன் என்பதற்குத்தான் அடுத்து வருகிறேன்.

பணம் போகும் இடம்

தளத்தைவிட முக்கியம் மின்னஞ்சல். புரோபார்மா இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு எண், கப்பல் ஆவணம் எல்லாம் அதில்தான் போகின்றன. ஏற்றுமதியில் நடக்கும் மோசடி ஒன்று உண்டு. உங்கள் பெயரை ஒத்த முகவரி ஒன்றை ஒருவன் எடுத்து, உங்கள் வாடிக்கையாளருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்" என்று எழுதுவான். ஜோகூரில் இருக்கும் கடைக்காரர் example.in-க்கும் example.com-க்கும் வித்தியாசம் பார்ப்பாரா? உங்கள் பிராண்டின் பெயர் ஒரு வாலில் மட்டும் உங்களிடம் இருந்தால், இன்னொரு வாலில் அதை எடுக்க அவனுக்குச் சில நிமிடம் போதும்.

அதனால்தான் இரண்டையும் வைத்திருக்கச் சொன்னேன். பழைய வாடிக்கையாளர்கள் டாட் இன்னுக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே அங்கே கடிதம் வந்து சேர வேண்டும். ஆனால் அங்கிருந்து இனி ஒரு கடிதமும் போகக் கூடாது. அதை உலகுக்கு அறிவிக்கப் பெயர்ப் பதிவில் இரண்டு குறிப்புகள் போட வேண்டும்:

```
example.in.         TXT  "v=spf1 -all"
_dmarc.example.in.  TXT  "v=DMARC1; p=reject"
```

எங்கள் டாட் இன் பெயரில் யார் அனுப்பினாலும் அது பொய், நிராகரியுங்கள் என்பது இதன் பொருள். டாட் காமுக்கும் இதே வகைக் குறிப்பு வேண்டும். அங்கே உங்கள் அஞ்சல் சேவை எது என்பதைக் குறிப்பிட்டு அதை மட்டும் அனுமதிக்க வேண்டும். முகவரி மாறிய செய்தியை வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் மட்டும் சொல்லாமல் தொலைபேசியிலும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு மாறவில்லை என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிட வேண்டும். கணக்கு எண் மாற்றம் என்று எந்த முகவரியிலிருந்து கடிதம் வந்தாலும், பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்டபிறகே பணம் அனுப்புமாறு அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

பெயர் யாருடைய பெயரில்?

பதிவை எடுத்துப் பார்த்தபோது டாட் இன் பெயரின் உரிமையாளர் என்ற இடத்தில் தளம் வடிவமைத்தவரின் பெயர் இருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, வசதிக்காக அப்படிச் செய்திருந்தார். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரும், உங்கள் கையில் உள்ள மின்னஞ்சலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த மின்னஞ்சல் அதே முகவரியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேராது.

டாட் காமில் காலாவதியான பெயரைக் கடைக்காரர் நீக்கியபின், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் தருகிறார்கள். அதற்குப் பின் 5 நாளில் பெயர் பொதுவில் விழுந்துவிடும். விழும் பெயர்களைப் பிடிக்கவே கம்பெனிகள் காத்திருக்கின்றன.

பிறர் எடுத்துக்கொண்ட பெயரைச் சட்டப்படி மீட்க முடியுமா? முடியும், உங்களுக்கு அந்தப் பெயரில் உரிமை இருந்தால். சென்னையின் சத்யம் இன்போவே நிறுவனம் sifynet.com போன்ற பெயர்களை 1999-இல் எடுத்திருந்தது. சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்ற வேறொரு நிறுவனம் பின்னர் siffynet.com என்று எடுத்தது. வழக்கு பெங்களூர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே மாதத் தீர்ப்பில், இணையப் பெயரும் வணிகச் சின்னத்தைப் போலப் பாதுகாப்புக்கு உரியது என்று சொல்லி, சென்னை நிறுவனத்துக்கு ஆதரவாக முடித்தார்கள். இப்போது நீதிமன்றம் போகாமலே டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று நடுவர் முறைகள் உண்டு. ஜெனீவாவில் உள்ள வைப்போவில் ஒரே நடுவர் முன் ஒன்று முதல் ஐந்து பெயர்கள் வரை முறையிட 1,500 டாலர் கட்டணம். வக்கீல் செலவு தனி.

இங்கே மைசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மைசூர் அகர்பத்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை நம்பி "மைசூர் அகர்பத்தி" என்பதையே முகவரியாக எடுப்பவர்கள் உண்டு. அந்தப் பெயரை வேறொருவர் வேறு வாலில் எடுத்தால் யுடிஆர்பியில் கேட்க முடியாது. அந்த முறை வணிகச் சின்னத்துக்கு மட்டுமே, புவிசார் குறியீட்டுக்கு அல்ல. தவிர, ஊரின் பெயரே 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்தில் Mysuru என்று ஆகிவிட்டது. வெளிநாட்டார் இன்னும் Mysore என்றே தட்டுகிறார்கள். ஊர்ப் பெயரைப் பக்கத்தின் உள்ளே எழுதுங்கள், முகவரியில் உங்கள் சொந்தச் சின்னத்தை வையுங்கள்.

டாட் காமில் உங்கள் பெயர் பிறரிடம் இருந்தால்? அவர் நேர்மையாகத் தொழில் நடத்துபவரானால் டாட் இன்னிலேயே இருங்கள். அல்லது இரண்டு வாலிலும் காலியாக உள்ள வேறு பெயர் தேடுங்கள். அவர் பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி டாட் காம் எடுக்க வேண்டாம். உங்களுக்கு வர வேண்டிய கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கனடா ஏஜென்டுக்கு என்ன பதில் சொல்வது என்று இளைஞர் கேட்டார். "சின்னத்தை அங்கே முதலில் நம் பெயரில் பதிவு செய்வோம், அது முடிந்ததும் டாட் சிஏயை நாமே எடுத்து உங்கள் கடைப் பக்கத்துக்குத் திருப்பித் தருகிறோம் என்று எழுது" என்றேன். அப்படியே எழுதினார். ஏஜென்டும் ஒப்புக்கொண்டார்.